லிமிட் ஒரு கோடி, வட்டி ஆறு லட்சம்: ஒரு சேகோ ஆலையின் சிசி கணக்கு

"ஆத்தூர் பக்கம் அப்பா காலத்துச் சின்ன சேகோ ஃபேக்டரி. பேங்கில் கேஷ் கிரெடிட், அதாவது சிசி, லிமிட் ஒரு கோடி, வட்டி 10.95 சதவீதம். வருஷத்துக்குப் பதினோரு லட்சம் போகும் என்று நினைத்தால் 6 லட்சத்துச் சொச்சம்தான் பிடித்திருக்கிறார்கள். ஆனால் ஜூலையில் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை, அதற்கும் வட்டி. கணக்கு சரியா? பாதி வருஷம் லிமிட்டைத் தொடுவதே இல்லை. 50 லட்சமாகக் குறைத்துவிட்டால் வட்டி மிச்சமாகுமா?"

கணக்கு அநேகமாகச் சரிதான். லிமிட்டைக் குறைத்தால் வட்டி ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது, டிசம்பரில் ஜவ்வரிசிக்கு மரவள்ளிக் கிழங்கு வாங்கப் பணம் இல்லாமல் போகும், அவ்வளவுதான். சேலம் மாவட்டக் கிளைகளில் கடன் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவன் நான். சேகோ ஆலைக்காரர்களில் பாதிப் பேர் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். மீதிப் பாதிப் பேர் கேட்காமலே தப்பான முடிவுக்குப் போவார்கள்.

உங்கள் வட்டி விகிதம் மனக்கணக்குக்கு வசதியாக அமைந்திருக்கிறது. 10.95-ஐ 365 ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 0.03 சதவீதம். அதாவது ஒரு லட்ச ரூபாய் ஒரு நாள் முழுக்க உங்கள் கணக்கில் பற்றாக, அதாவது எடுத்துத் திருப்பாத கடனாக, இருந்தால் 30 ரூபாய். இந்த 30 ரூபாயை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் பெருக்கல்தான். ஒவ்வொரு நாளும் அன்றைய வேலை முடியும்போது கணக்கில் எவ்வளவு பற்று நிற்கிறது என்று கம்ப்யூட்டர் பார்க்கும். லட்சத்துக்கு 30 என்று அன்றைய வட்டியை எழுதிக்கொள்ளும். மாதக் கடைசியில் அத்தனை நாளையும் கூட்டி மொத்தமாகப் பற்று வைக்கும். லிமிட் என்பது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கான வேலி. வட்டிக் கணக்கில் அந்த எண் எங்கேயும் வருவதில்லை.

ஒரு நவம்பர் மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் தேதி பற்று 70 லட்சம். ஏழாம் தேதி வரை அப்படியே. எட்டாம் தேதி கிழங்குக்காரர்களுக்கும் புரோக்கருக்கும் 15 லட்சம் பட்டுவாடா செய்கிறீர்கள், பற்று 85 ஆகிறது. இருபதாம் தேதி சரக்கு விற்ற பணம் 12 லட்சம் வரவாகிறது, பற்று 73-க்கு இறங்கி மாதக் கடைசி வரை நிற்கிறது. இப்போது 70 லட்சம் 7 நாள், 85 லட்சம் 12 நாள், 73 லட்சம் 11 நாள். பெருக்கிக் கூட்டினால் 490, 1,020, 803, ஆக 2,313. இதை 30 ஆல் பெருக்கினால் 69,390 ரூபாய். அதுதான் நவம்பர் வட்டி. நீங்கள் மாதக் கடைசி இருப்பான 73 லட்சத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 65,700 வரும். பேங்க் 3,690 கூடுதலாகப் பிடித்துவிட்டது என்று தோன்றும். என்னிடம் சண்டைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படி மாதக் கடைசி எண்ணை வைத்துத்தான் வந்தார்கள். தேதிவாரியாக ஸ்டேட்மென்ட் எடுத்து எக்செல்லில் மூன்று பத்தி போட்டுப் பாருங்கள்: இருப்பு, அது நின்ற நாட்கள், இரண்டின் பெருக்கல். ஐந்து பத்து ரூபாய் வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் வந்தால் வட்டி விகிதம் நடுவில் மாறியதா, ஏதாவது கட்டணம் சேர்ந்ததா என்று பாருங்கள். சிறுதொழில் கடன்களின் மாறும் வட்டி 2019 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் மாதிரி வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தரமாவது அது சீராய்வுக்கு வரும். இங்கே எளிமைக்காக வருஷம் முழுக்க 10.95 என்றே வைத்துக்கொள்கிறேன்.

இதை வருஷத்துக்கு நீட்டினால் உங்கள் ஆறு லட்சம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். உங்கள் ஸ்டேட்மென்ட் என் கையில் இல்லை. ஆனால் ஒரு கோடி லிமிட் உள்ள சேகோ ஆலைகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே உருவம்தான். செப்டம்பரில் விறகு, பாய்லர் வேலை, மோட்டார் ரிப்பேர் என்று 20 லட்சத்தில் ஆரம்பிக்கும். அக்டோபரில் கிழங்கு வரத்து சூடுபிடித்து 50. நவம்பர் மேலே சொன்னபடி சராசரி 77. டிசம்பர், ஜனவரி இரண்டும் 95, பிப்ரவரி 90. இந்த மூன்று மாதத்தில்தான் களம் முழுக்க ஜவ்வரிசி காயும், கிடங்கு நிறையும், கிழங்குக்காரர் காசுக்கு நிற்பார், வாங்கியவர் காசு தர நாளாகும். அப்புறம் இறங்குமுகம். மார்ச் 75, ஏப்ரல் 60, மே 45, ஜூன் 30, ஜூலை 15, ஆகஸ்ட் 10. மாதத்துக்கு மாதம் நாட்களைப் பெருக்கி லட்சத்துக்கு 30 போட்டால் வருஷத்துக்கு 6,02,040 ரூபாய். டிசம்பர் மட்டும் 88,350, ஆகஸ்ட் 9,300. அதாவது ஒரு கோடி லிமிட் இருந்தாலும் வருஷம் முழுக்க நீங்கள் சராசரியாக வைத்திருந்தது 55 லட்சம். அந்த 55-க்குத்தான் வட்டி.

இனி ஜூலை. எடுக்கவில்லை என்பதும் பாக்கி இல்லை என்பதும் ஒன்றல்ல. மே மாதம் எடுத்ததில் 15 லட்சம் இன்னும் அடைபடாமல் நின்றால் நாளொன்றுக்கு 450 ரூபாய் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் பேங்க் பக்கமே போகாவிட்டாலும். 31 நாளுக்கு 13,950. இதில் தப்பு இல்லை. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் வட்டியை விட்டுவிட்டு அந்த 15 லட்சத்தைப் பார்ப்பேன். ஏனென்றால் சிசியில் பணம் சரக்காக மாறி, சரக்கு பாக்கியாக மாறி, பாக்கி வசூலாகி மறுபடி கணக்குக்குத் திரும்ப வேண்டும். ஜூலையில் பற்று 15 என்றால் அதற்கு ஈடாக உங்களிடம் மூட்டையோ, மாவோ, வர வேண்டிய பாக்கியோ இருந்தாக வேண்டும். பற்று 15-இல் நிற்கும் அந்த நாளில் கிடங்கைத் திறந்து எண்ணிப் பாருங்கள். 15 லட்சத்துக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. ஐந்து லட்சத்துக்குத்தான் இருக்கிறது என்றால் பத்து லட்சம் எங்கேயோ வெளியே போய்விட்டது. ஒன்று நஷ்டத்தில் போயிருக்கும், இல்லை சீக்கிரம் திரும்பி வராத எதிலோ போட்டிருப்பீர்கள்.

இந்த இரண்டாவது வகை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு ஆலைக்காரர் ஏப்ரலில் பழைய களத்தைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் களம் போட்டார், 18 லட்சம். கணக்கில் இடம் இருக்கிறதே என்று சிசியிலிருந்தே எடுத்தார். நான் கேள்வி கேட்டிருக்க வேண்டும், சீசன் நன்றாகப் போன மகிழ்ச்சியில் கேட்கவில்லை. ஜூலையில் சரக்கெல்லாம் விற்று முடிந்தபோது பற்று 18-க்குக் கீழே இறங்கவே மறுத்தது. களத்தை மூட்டை கட்டி விற்க முடியாதே. அக்டோபரில் கிழங்கு லாரி வாசலில் நின்றபோது அவரிடம் லிமிட்டில் 18 லட்சம் குறைவு. அந்த வருஷம் அவர் கடன் சொல்லிக் கிழங்கு வாங்கினார், ரொக்கம் கொடுத்தவருக்குக் கிடைத்த விலை அவருக்குக் கிடைக்கவில்லை. களத்துக்குத் தனியாக ஐந்து வருஷத் தவணைக் கடன் போட்டுக் கொடுத்திருந்தால் வட்டி ஏறத்தாழ அதேதான், ஆனால் லிமிட் சீசனுக்கு முழுசாகக் கிடைத்திருக்கும். உங்கள் ஜூலை 15-இலும் இப்படி ஏதாவது ஒளிந்திருந்தால், அதை மட்டும் தவணைக் கடனாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். லாபம் இருக்கிற ஆலைக்கு மறுக்க மாட்டார்கள்.

லிமிட்டைக் குறைக்கும் யோசனைக்கு வருகிறேன். சின்னத் தொழிலுக்கு 5 கோடி வரையான லிமிட்டை வங்கிகள் பெரும்பாலும் நாயக் குழு முறையில் போடும், அதாவது எதிர்பார்க்கும் வருஷ விற்பனையில் 20 சதவீதம். உங்களுக்கு ஒரு கோடி வந்திருக்கிறது என்றால் 5 கோடி விற்பனை காட்டியிருப்பீர்கள். இந்த முறையின் அடியில் ஓர் ஊகம் இருக்கிறது: போட்ட பணம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் திரும்பி வரும், வருஷம் முழுக்கச் சீராக வரும். மளிகை மொத்த வியாபாரத்துக்கு அது பொருந்தும். ஆறு மாதம் கிழங்கு வாங்கிப் பன்னிரண்டு மாதம் ஜவ்வரிசி விற்கிற தொழிலுக்குப் பொருந்தாது. டிசம்பரில் 20 சதவீதம் பத்தாது, ஆகஸ்டில் அது ரொம்ப அதிகம். இதற்குத்தான் கேஷ் பட்ஜெட் முறை இருக்கிறது. மாதாமாதம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து சீசன் லிமிட் ஒன்று, சீசன் அல்லாத காலத்துக்கு ஒன்று என்று இரண்டாகப் போடுவார்கள். உதாரணமாக அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஒரு கோடி, மற்ற மாதங்களில் 50 லட்சம். நீங்கள் சொல்கிற 50 லட்சத்தை இப்படிக் கேட்டால் அர்த்தம் உண்டு. இதிலும் வட்டி குறையாது. குறையக்கூடியது, பயன்படுத்தாத லிமிட்டுக்குச் சில வங்கிகள் போடும் கட்டணம். உங்களுக்கு அது உண்டா என்பது சாங்ஷன் லெட்டரில் இருக்கும், கடைசிப் பக்கங்களில் கட்டணங்கள் என்ற பகுதியில் பாருங்கள். இல்லையென்றால் லிமிட்டைத் தொடவே வேண்டாம்.

ஒரு விஷயம், ஒரு கோடி லிமிட் என்பதால் ஒரு கோடி எடுக்கலாம் என்று இல்லை. மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டை வைத்து டிராயிங் பவர் போடுவார்கள். லிமிட், டிராயிங் பவர் இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. மார்ச் கடைசியில் கிடங்கில் 90 லட்சத்துக்குச் சரக்கு, கிழங்குக்காரர்களுக்குத் தர வேண்டியது 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். காசு கொடுக்காத சரக்குக்குப் பேங்க் கடன் தராது, ஆகவே 80 லட்சம். அதில் 25 சதவீதம் மார்ஜின் உங்கள் பங்கு, மீதி 60. இதோடு 90 நாளுக்கு உட்பட்ட பாக்கி 25 லட்சம், அதற்கு மார்ஜின் 40 சதவீதம் என்றால் 15. ஆக டிராயிங் பவர் 75 லட்சம். மார்ச் சராசரி பற்றும் 75 என்று மேலே எழுதினேன், கவனித்தீர்களா? நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. இந்த நேரத்தில் வடக்கே ஒரு வியாபாரி 10 லட்சத்தை இழுத்தடித்து 90 நாளைத் தாண்டினால், அந்தப் பாக்கி கணக்கிலிருந்து விழும், டிராயிங் பவர் 6 லட்சம் குறையும். நீங்கள் புதிதாக எதையும் எடுக்காமலே எல்லை மீறியவர் ஆவீர்கள். அந்த 10 லட்சத்துக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் வட்டி வேறு. மீறலுக்குத் தனிக் கட்டணம் வரும். அதை வட்டி விகிதத்தோடு சேர்த்து ஏற்றக் கூடாது, அதன்மேல் வட்டியும் போடக் கூடாது என்பது 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. உங்கள் ஸ்டேட்மென்டில் அது தனி வரியாக வருகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, சேகோ ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் கிடங்கில் வைத்த மூட்டைக்கு அங்கே முன்பணம் வாங்கியிருந்தால், அதே மூட்டையைப் பேங்க் ஸ்டேட்மென்டிலும் காட்டாதீர்கள். மறதியில்தான் பலர் காட்டுகிறார்கள். ஆனால் ஆய்வுக்கு வருபவர் அதை மறதி என்று எழுத மாட்டார்.

உண்மையான ஆபத்து சீசன் இல்லாத மாதங்களில்தான். பற்று குறைவாக இருக்கிறதே என்று அசந்து விடுவோம். ஆனால் 90 நாள் தொடர்ந்து கணக்கில் வரவே இல்லாவிட்டாலும், வந்த வரவு அந்தக் காலத்து வட்டிக்குக்கூடப் பத்தாவிட்டாலும் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். பற்று 15 லட்சம்தானா, லிமிட் ஒரு கோடியா என்று அந்த விதி பார்ப்பதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டாக் ஸ்டேட்மென்டை வைத்து ஓட்டினாலும் கணக்கு ஒழுங்கற்றது என்றுதான் அர்த்தம். ஆலை மூடியிருக்கிறது, எதற்கு ஸ்டேட்மென்ட் என்று ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கொடுக்காமல் விடுவார்கள். செப்டம்பரில் பணம் எடுக்கப் போனால் கதவு பூட்டியிருக்கும். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் உங்கள் உறவினர் யாராவது, "எனக்கு அப்படியெல்லாம் இல்லையே, வெள்ளாமை வந்தபின் கட்டினால் போதுமே" என்று சொல்லக்கூடும். அவர் சொல்வது பயிர்க்கடன். அதற்குக் கெடு அறுவடைப் பருவத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உங்களுடையது ஆலைக் கடன், 90 நாள்தான். ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒவ்வொரு மாதமும் வட்டிக்கு மேல் கொஞ்சமாவது வரவு வைத்துவிடுங்கள், நூறு மூட்டை விற்றாவது. ஸ்டாக் குறைவாக இருந்தாலும் ஸ்டேட்மென்டைக் கொடுத்துவிடுங்கள்.

சரி, வட்டியை நிஜமாகவே குறைக்க என்ன வழி? லட்சத்தையும் நாளையும் குறைப்பதுதான். நவம்பர் கணக்கில் அந்த 12 லட்சம் இருபதாம் தேதிக்குப் பதில் பத்தாம் தேதி வந்திருந்தால் 3,600 ரூபாய் மிச்சம். கேட்கச் சின்னதாக இருக்கும், சீசனில் இப்படிப் பத்து வசூல் வரும். அப்புறம், வசூல் பணத்தை வேறு கணக்கில் போட்டு வைக்கும் பழக்கம். கையில் இருக்கட்டும் என்று 5 லட்சத்தைச் சேமிப்பிலோ, 7 சதவீத டெபாசிட்டிலோ வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் 10.95 கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 5 லட்சத்தைச் சிசியில் போட்டால் நாளுக்கு 150 ரூபாய் வட்டி ஓடாமல் நிற்கும். லிமிட், டிராயிங் பவர் இரண்டும் இடம் கொடுக்கும் வரை வேண்டியபோது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சிசி தவணைக் கடனிலிருந்து வேறுபடுவதே இந்த இடத்தில்தான்.

பெரிய தொகை புரள்வது மூட்டையை வைத்திருக்கலாமா, விற்கலாமா என்ற முடிவில். ஜனவரியில் விலை கிடைக்கவில்லை, ஏப்ரலில் ஏறும் என்று வைத்திருக்கிறீர்கள். 90 கிலோ மூட்டை 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு நாள் வைத்திருக்க வட்டி 1 ரூபாய் 35 பைசா. நூறு நாளுக்கு 135 ரூபாய். இதில் கால் பங்கு உங்கள் சொந்தப் பணம், அதற்குப் பேங்க் வட்டி இல்லை என்று கழிக்கத் தோன்றும். ஆனால் மூட்டையை விற்றிருந்தால் அந்தப் பணமும் சிசிக்குள் போய்ப் பற்றைக் குறைத்திருக்கும், ஆகவே கழிக்க வேண்டாம். இதோடு வாடகை, இன்சூரன்ஸ், எலி, நிறம் மங்குவது எல்லாம் சேர்த்து 160 என்று கொள்ளுங்கள். ஏப்ரலில் 4,660-க்குக் கீழே விற்றால் நஷ்டம். ஆயிரம் மூட்டை வைத்திருப்பவருக்கு அந்த நூறு நாள் வட்டி மட்டும் 1,35,000. நான் பார்த்தவரை விலை ஏறியது என்று சந்தோஷப்பட்ட பலர் நூறு ரூபாய் ஏற்றத்துக்கு விற்றவர்கள். அடுத்த சீசனில் தினமும் சேகோசர்வ் டெண்டர் விலையை எழுதும் அதே நோட்டில், பக்கத்திலேயே 1.35-ஐயும் நாளுக்கு நாள் கூட்டி எழுதி வாருங்கள்.